முக்கால் லிட்டரும் மூணு கணக்கும்

பால் கார்டு பார்த்திருக்கீங்களா பாஸ்? ஹாஸ்டல் வாசிகளுக்கு மறந்திருக்கலாம். உள்ளங்கை அளவு அட்டை. 1-லேர்ந்து 31 வரைக்கும் கட்டம். ஓட்டை போட்டு, நூல் கட்டி, ஜன்னல் கம்பியில தொங்கும். காலையில பால் ஊத்திட்டு, காதுல சொருகின பேனாவை எடுத்து அன்னிக்கு எவ்வளவுனு பால்காரர் எழுதிட்டுப் போவார். மாசம் பூரா அது லிட்டரை மட்டும்தான் சொல்லும். ரூபாயைச் சொல்லாது. அந்த ரூபாயை மாசக் கடைசியில யாராவது ஒருத்தர் உட்கார்ந்து வரவழைக்கணும்.

எங்க தெருவுல அந்த 'யாராவது' நான்தான். படிக்கிறது பி.காம். அதனால மதுரையில எங்க ஏரியாவுக்குப் பால் ஊத்துற அண்ணன், லீவுக்கு நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சா போதும், 23 வீட்டு கார்டையும் ரப்பர் பேண்டு போட்டு எடுத்துட்டு வந்துடுவார். "தம்பி, நீயே போட்டுக் குடுத்துரு. நான் போட்டா சண்டை வருது."

போன லீவுல நிஜமாவே சண்டை வந்திருந்துச்சு. கோடி வீட்டு டீச்சரம்மா கார்டு. அண்ணன் கேட்டது 1316 ரூபாய். டீச்சரம்மா போட்ட கணக்கு 1269. வித்தியாசம் 47 ரூபாய்தான். ஆனா டீச்சரம்மா, "அடுத்த மாசத்துலேர்ந்து பாக்கெட் பாலே வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டாங்க. அண்ணனுக்கு எட்டு வருஷ வீடு அது. பருத்திக்கொட்டைக் கடை பாக்கியை அடைக்கிறதே இந்த மாதிரி அஞ்சாறு வீட்டுப் பணத்துலதான். கார்டை என் கையில குடுக்கும்போது மூஞ்சியே சரியில்ல.

சண்டைக்குக் காரணம் விலை. அண்ணன் லிட்டர் 52 ரூபாய்னு ஊத்திட்டு இருந்தவர், 19-ம் தேதியிலேர்ந்து 56 ஆக்கிட்டார். 'ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஏத்தினா என்னவாம்?'னு கேட்கத் தோணும். பால் விலை அப்படி காலண்டர் பார்த்து மாறுறதில்லை. ஆவின் விலை லிட்டருக்கு ஆறு ரூபாய் ஏறினது 2019 ஆகஸ்ட் 19-ல. மூணு ரூபாய் குறைஞ்சது 2021 மே 16-ல. ரெண்டுமே மாசத்துக்கு நட்ட நடுவுல. தீவன விலை எகிறின அன்னிக்கே ஏத்துற தெருப் பால்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பண்றது?

கணக்குக்கு முன்னாடி கார்டை ஒழுங்கா வாசிக்கணும். இதுதான் பெரிய வேலை. கூட்டல் பெருக்கல் எல்லாம் அஞ்சு நிமிஷம்.

டீச்சரம்மா வீட்டுல வழக்கமான பால் முக்கால் லிட்டர், காலை மட்டும். 8-ம் தேதி ஊருக்குப் போனாங்க. 8-லேர்ந்து 14 வரைக்கும் ஏழு கட்டத்துலயும் பெருக்கல் குறி போட்டிருந்துச்சு. 15-ம் தேதி கட்டம் மட்டும் காலி. குறியும் இல்ல, அளவும் இல்ல. இங்கேதான் நிதானிக்கணும். பெருக்கல் குறின்னா 'பால் ஊத்தலை'னு ஒருத்தர் சொல்லியிருக்கார்னு அர்த்தம். காலிக் கட்டம்னா யாரும் எதுவும் சொல்லலைனு அர்த்தம். மழையில பேனா எழுதாம இருந்திருக்கலாம், அவசரத்துல மறந்திருக்கலாம், நிஜமாவே பால் ஊத்தாமலும் இருந்திருக்கலாம். அந்த ஒரு கட்டத்தோட மதிப்பு 39 ரூபாய். சண்டையே 47 ரூபாய்க்குத்தான்னு ஞாபகம் இருக்கட்டும்.

யோசிச்சுக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்ல இது. இன்னொரு இடத்துல எழுதியிருக்கானு பார்க்கணும். அண்ணன் சைக்கிள் பையில ஒரு நோட்டு வெச்சிருப்பார், வீட்டுக்கு ஒரு வரி. 15-ம் தேதியில டீச்சரம்மா வரிக்கு நேரா ஒரு சின்னக் கோடு. அவங்க வீட்டு மாசக் காலண்டர்லயும் 15-ம் தேதிக்குள்ள 'இரவு ரயில்'னு எழுதியிருந்தாங்க. காலையில வீடு பூட்டித்தான் இருந்திருக்கு. அண்ணன்கிட்டயே பேனாவைக் குடுத்து அந்தக் கட்டத்துல பெருக்கல் குறி போடச் சொன்னேன். ஆக எட்டு நாள் பால் இல்ல.

அடுத்தது அண்ணனோட கையெழுத்து. 24-ம் தேதியிலேர்ந்து மகள், பேரன், பேத்தி எல்லாம் வந்துட்டாங்க. ஒண்ணரை லிட்டர். சின்னக் கட்டத்துல 1, அதை ஒட்டியே 1/2. பார்க்குறதுக்கு 11/2 மாதிரி இருந்துச்சு. ஒரு இடத்துல முதல் ஒண்ணு மங்கிப்போய் வெறும் 1/2 ஆகவே தெரிஞ்சுது. வழக்கமே முக்கால், அதுவும் வீடு நிறைய ஆளு, அப்போ அரை லிட்டர் எப்படி வரும்? வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா, பேனா அழுத்தின தடம் இருந்துச்சு. அந்த ஒரு கோட்டோட விலை 56 ரூபாய்.

இப்போ கணக்கு. பின்னத்தை வெச்சுக்கிட்டு முட்டி மோத வேண்டாம். அண்ணன் ஊத்துறதே கால் லிட்டர் அளவையிலதான். முக்கால்னா மூணு தடவை, ஒண்ணரைனா ஆறு தடவை. அதனால நான் எல்லாத்தையும் 'கால்' ஆக்கிடுவேன். 52 ரூபாய்னா ஒரு கால் 13 ரூபாய், 56-ன்னா 14. அப்புறம் எல்லாமே முழு எண்தான். வாய்க்கணக்காவே போடலாம்.

கார்டுல 18-க்கும் 19-க்கும் நடுவுல பென்சிலால ஒரு கோடு கிழிச்சேன். கோட்டுக்கு மேல: 1-லேர்ந்து 7 வரைக்கும் ஏழு நாள், 16, 17, 18 மூணு நாள், ஆகப் பத்து நாள் முக்கால். 30 கால். அதை 13-ஆல பெருக்கினா 390 ரூபாய். கோட்டுக்குக் கீழ: 19-லேர்ந்து 22 வரைக்கும் நாலு நாள் முக்கால், அது 12 கால். 23-ம் தேதி மட்டும் ஒரு லிட்டர், 4 கால். 24-லேர்ந்து 31 வரைக்கும் எட்டு நாள் ஒண்ணரை, 48 கால். மொத்தம் 64 கால். 14-ஆல பெருக்கினா 896. ரெண்டையும் கூட்டினா 1286 ரூபாய். பெருக்குறதுக்கு முன்னாடி நாளையும் எண்ணிப் பார்த்துக்கிட்டேன். மேல பத்தும் எட்டும் 18, கீழ நாலும் ஒண்ணும் எட்டும் 13. மொத்தம் 31. ஒரு கட்டமும் விட்டுப்போகலை.

அண்ணனோட 1316 எங்கேர்ந்து வந்துச்சு? மாசம் பூரா ஊத்தின 94 காலையும் புது விலையில போட்டிருக்கார். 94-ஐ 14-ஆல பெருக்கினா சரியா 1316. டீச்சரம்மா அந்த அநியாயத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா அவங்க பண்ணினது என்னன்னா, 52-க்கும் 56-க்கும் நடுவுல 54, மொத்தம் இருபத்தி மூன்றரை லிட்டர், ரெண்டையும் பெருக்கினா 1269. கேட்குறதுக்கு ரொம்ப நியாயமா இருக்கு இல்ல? பழைய விலையில பாதிப் பால், புது விலையில பாதிப் பால் வாங்கியிருந்தா அது சரிதான். ஆனா அவங்க பழைய விலையில வாங்கினது ஏழரை லிட்டர், புது விலையில பதினாறு லிட்டர். பேரப்பிள்ளைங்க வந்ததெல்லாம் விலை ஏறினதுக்கு அப்புறம்தானே!

கைக்கணக்கைச் சரிபார்க்க எனக்குப் பிடிச்ச வழி இதுலேயே இருக்கு. எல்லாமே பழைய விலைனா 1222, எல்லாமே புது விலைனா 1316. உண்மையான தொகை இந்த ரெண்டுக்கும் வெளியே போகவே முடியாது. போனா எங்கேயோ பெருக்கல் தப்பு. அதிகப் பால் புது விலையில வாங்கியிருந்தா, தொகை நடுவுல இருக்கிற 1269-ஐ விடக் கூடத்தான் இருக்கணும். 1286 கூட இருக்கு. ஆனா ஒண்ணு, கார்டையே தப்பா வாசிச்சிருந்தா இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. அதனாலதான் 15-ம் தேதிக்கு அவ்வளவு நேரம் செலவழிச்சேன்.

'இதுக்குப் போய் பேப்பரா? எக்செல் இருக்கே'னு என் கிளாஸ்மேட்ஸ் சிரிப்பாங்க. எனக்கும் தெரியும். தேதி, லிட்டர், விலைனு மூணு பத்தி போட்டு, கீழ இதை அடிச்சா விடை வந்துடும்:

```
=SUMPRODUCT(B2:B32,C2:C32)
```

ஒவ்வொரு நாளோட லிட்டரையும் அந்தந்த நாள் விலையால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டிடும். சராசரிங்கிற பேச்சுக்கே இடமில்ல. ஆனா கார்டுல இருக்கிற மாதிரியே 1/2-னு டைப் பண்ணிப் பாருங்க, எக்செல் அதைத் தேதியா மாத்திடும். உள்ளுக்குள்ள தேதிங்கிறது அதுக்கு நாற்பதாயிரத்துக்கு மேலே இருக்கிற ஒரு எண். பால் பில் பல லட்சத்துக்குப் போயிடும். 0.5, 0.75-னு அடிச்சாப் பிரச்னை இல்ல. லட்சக்கணக்குல வந்தா யாருக்கும் தெரிஞ்சிடும், அது பரவாயில்லை. இன்னொண்ணுதான் மோசம். இந்த ஃபார்முலாவுக்குப் பெருக்கல் குறியும் பூஜ்யம்தான், காலிக் கட்டமும் பூஜ்யம்தான். மறந்துபோன நாளை அது சத்தமில்லாம முழுங்கிடும். 23 வீட்டுக்கும் சேர்த்து எக்செல் போட்டாலும், காலிக் கட்டங்களை முதல்ல கார்டுலேயே தீர்த்துட்டுத்தான் உட்காருவேன்.

1286-ஓட வேலை முடியலை. அட்டையைத் திருப்பினா, பின்னாடி '20 தேதி அட்வான்ஸ் 500'னு டீச்சரம்மா கையெழுத்து. அட்வான்ஸைக் கடைசியிலதான் கழிக்கணும். நடுவுல கழிச்சா, பால் எவ்வளவு, பணம் எவ்வளவுனு ரெண்டும் குழம்பிடும். கட்ட வேண்டியது 786 ரூபாய்.

அண்ணனும் நானும் போனோம். டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பென்சில் கோட்டுக்கு மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை எண்ணினாங்க. 24-ம் தேதிக்கு வந்தப்போ நிறுத்தி, "ஆமா, அன்னிக்குத்தானே மாப்பிள்ளை வந்தார்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. உள்ளே போய்ப் பணத்தை எடுத்துட்டு வந்து, "பதினேழு ரூபாய் நான் கம்மியாப் போட்டிருக்கேன், நீ முப்பது கூடப் போட்டிருக்கே"னு அண்ணனைப் பார்த்துச் சொன்னாங்க. அண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே 15-ம் தேதியில போட்ட குறியைக் காட்டினார்.

"நாளைக்கு எவ்வளவுங்கம்மா?"

"பேரன் இன்னும் நாலு நாள் இருப்பான். ஒண்ணரையே ஊத்து."

அண்ணன் புதுக் கார்டை எடுத்து ஜன்னல் கம்பியில கட்டினார். மேல கொட்டை எழுத்துல '56'னு எழுதினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தம்பி, இன்னும் இருபத்தி ரெண்டு இருக்கு. அதுல எட்டு வீட்டுல சாயங்காலமும் பால்" என்றார்.