க்யூப் இல்லாத கணக்கு

திண்டிவனத்துக்கு அருகே எழும்பும் ஒரு தொழிற்சாலையின் அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குக் கரியமில வாயுக் கணக்கு எழுத யோசனை கேட்டு, மேல்சித்தாமூரில் ஓய்வாயிருக்கும் என்னிடம் வந்த இளைஞர் ஒருவர், நான் க்யூப் பதிவேட்டைக் கேட்டதும், "அதெல்லாம் எதுக்கு சார், மிக்ஸ் ஷீட் போதும்" என்றார். பங்குச் சந்தையில் பதிவான பெருங்கம்பெனிகள் செபியின் விதிப்படி ஆண்டுதோறும் சமர்ப்பிக்கும் அறிக்கைகளுக்காக இத்தகைய ஒப்பீடுகள் இன்று மலிந்துவிட்டன. அவற்றைத் தயாரிப்போரில் பலர் வலிமைப் பரீட்சையை வேறோர் இலாகாவின் விஷயமாகக் கருதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் கொண்டுவந்த காகிதத்தில், எம்30 கான்கிரீட்டின் ஒரு கனமீட்டருக்குப் பழைய முறையில் சாதாரண சிமென்ட் 430 கிலோ என்றும், புதிய முறையில் சிமென்ட் 190 கிலோவும் ஸ்லாக் 190 கிலோவும் என்றும் கண்டிருந்தது. சிமென்ட் கிலோவுக்குச் சுமார் 0.9 கிலோவும், ஸ்லாக்குக்கு உலர்த்தி அரைக்கும் செலவாகச் சுமார் 0.08 கிலோவும் கரியமில வாயு என்று கொண்டால், முன்னது 387, பின்னது 186. பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாக வாடிக்கையாளர் மகிழலாம். ஆனால் 430 கிலோ வெறும் சிமென்டை எம்30-க்குப் போடுகிறவர் இந்தப் பக்கம் யார்? அதே ஆலை சென்ற வருஷம் அதே தரத்துக்குப் போட்டது 300 கிலோ சிமென்டும், வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் 80 கிலோவும் என்று அதன் பேட்ச் சீட்டுகளே சொல்லின. சாம்பலின் பங்கு அற்பமாதலால் அதன் கணக்கு 270. அதோடு ஒப்பிட்டால் குறைவு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே. ஸ்லாக் பல்லாரிப் பக்கத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் லாரியில் வருகிறது; காலியாகத் திரும்பும் வழியையும் சேர்த்தால் கனமீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ கூடும். சாம்பலுக்கு அந்த வகையில் ஒன்றிரண்டு கிலோதான். ஜல்லி, மணல், கலக்கும் மின்சாரம் இரண்டுக்கும் பொதுவாதலால் விட்டுவிட்டேன். எஞ்சிய மிச்சம் கால்பங்கு. கால்பங்கும் சிறிதல்லவே, அதைப் பாதியாக ஊதிக் காட்டுவானேன்?

இனி க்யூப். எனக்குத் தொழில் கற்பித்த ஆய்வகத் தலைவர், எந்தக் கலவையை யார் புகழ்ந்தாலும், "எத்தனை நாளில், எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார், பரீட்சைச் சீட்டில் வார்த்த தேதியும் தண்ணீர்த் தொட்டியின் உஷ்ணமும் எழுதப்படாவிட்டால், எவ்வளவு நல்ல முடிவானாலும் கிழித்துப் போட்டு மறுபடி வார்க்கச் சொல்வார். அந்தக் கண்டிப்பின் நியாயம் ஸ்லாக் கலவையில்தான் எனக்கு முழுதும் விளங்கிற்று. எம்30-க்கு 28 நாளில் நாம் குறிவைக்கும் சராசரி 38.25 மெகாபாஸ்கல். பாதிக்குப் பாதி ஸ்லாக் போட்ட கலவை அதை 28 நாளில் தொடாமல், 56 நாளில் தாண்டிவிடக்கூடும். அஸ்திவாரம் பொறுத்திருக்கும், ஆகவே வடிவமைப்பாளர் எழுத்துமூலம் 56 நாளை ஒப்புக்கொண்டால் 186 என்ற எண் நிற்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால், அல்லது மூன்றாம் நாளே பலகை பிரிக்க வேண்டுமென்று மேஸ்திரி அவசரப்பட்டால், ஆலைக்காரர் சத்தமில்லாமல் 40 கிலோ சிமென்டைக் கூட்டிப் போடுகிறார். உடனே 36 கிலோ கரியமில வாயு திரும்பி ஏறிக்கொள்ள, மிக்ஸ் ஷீட் மட்டும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி, பேட்ச் சீட்டிலுள்ள எடையையும் அதே லாரியில் எடுத்த க்யூபின் வலிமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

சாம்பல் கலந்த பி.பி.சி. மூட்டையைச் சாதாரண சிமென்டின் கணக்கில் எழுதுவதும், பிறகு அதே சாம்பலைத் தனி மிச்சமாக இன்னொரு முறை காட்டுவதும் நான் அடிக்கடி கண்ட வேறொரு கோளாறு. இந்திய நியமப்படி அந்த மூட்டையிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கிறது. ஸ்லாக் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: அந்த 0.08 என்பது இரும்பு உலையின் பங்கை ஒரு துளியும் சேர்க்காத எண். கசடு கழிவாக இருந்த காலத்துக்கு அது பொருந்தும். விலைக்கு விற்கும் பண்டமாகிவிட்ட பின் உலையின் சுமையில் ஒரு பகுதியை அதன்மேல் ஏற்றுவதும் ஒரு முறையே. எதைக் கைக்கொண்டோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை நான் எழுதச் சொன்னபோது, வாடிக்கையாளர் குழம்புவார் என்று பதில் வந்தது.

முல்லைப் பெரியாற்று அணையில் சுண்ணாம்போடு சுட்ட களிமண் தூளான சுர்க்கியைக் கலந்தவர்கள் நம் முன்னோர் காலத்தவர். இன்று சுட்ட களிமண்ணும் சுண்ணக்கல்லும் சேர்ந்த சிமென்டுக்கு 2023-இல் இந்திய நியமமே வந்துவிட்டது. அது இந்தப் பிரதேசத்துக்கு வரும்போதும் மண்ணை எந்த எரிபொருளில் சுட்டார்கள், எந்த நாளில் எவ்வளவு வலிமை என்று கேட்க ஆள் வேண்டும். ஆனால் இப்போது ஆலைகளில் க்யூப் வார்ப்பவர் தினக்கூலி. மாதம் ஒரு புது முகம். தொட்டியின் உஷ்ணமானி உடைந்தே கிடக்கிறது. அதே ஆலைகளின் அலுவலகத்தில் கரியமிலக் கணக்குக்கென்று ஒரு தனி அறை திறந்திருக்கிறார்கள்.