மருந்து நெடி ஏறினவருக்கு ஒரு தாள்

2017-ல மகாராஷ்டிராவில் யவத்மால் பக்கம் பருத்திக்கு மருந்தடிச்சவங்க பலர் செத்துப்போனாங்க. அதே வருஷம் நம்ம பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்காட்டில் மருந்தடிச்ச சிலர் இறந்தது பேப்பரில் வந்தது. அதுக்கப்புறம் எங்க ரஞ்சன்குடியில் யாருக்காவது நெடி ஏறிச்சுன்னா கூட்டம் கூடிடும். ஆனா ஆஸ்பத்திரியில் டாக்டர் கேக்குற நாலு கேள்விக்குப் பத்து பேர் பத்து பதில் சொல்லுவாங்க.

போன கார்த்திகையில் எங்க பங்காளி வீட்டுத் தம்பிக்கு அப்படி ஆச்சு. நான் போனப்போ காதில் விழுந்தது இதுதான்: "காலையிலருந்து அடிச்சான்." "கொஞ்சமாத்தான் கலந்தான்." "மோனோதான் அடிச்சிருப்பான்." "ஒரு ஊசி போட்டாச்சு." ஒரு நோட்டுத் தாளை எடுத்து நாலு தலைப்பு போட்டேன்: என்ன மருந்து, எவ்வளவு, எப்போ, இதுவரை என்ன செஞ்சாங்க.

முதல்ல மருந்து. "மோனோ"ன்னு அவங்க அம்மா சொன்னது பழைய வழக்கத்தில்தான். எந்தப் பாட்டிலா இருந்தாலும் அவங்களுக்கு மோனோதான். ஒரு பையனை வண்டியில் அனுப்பி, வரப்பில் கிடந்த பாட்டிலை பாலிதீன் பையில் போட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். லேபிளில் கம்பெனிப் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: ப்ரோஃபெனோஃபாஸ் 40 சதவீதம், சைபர்மெத்ரின் 4 சதவீதம். அதைத்தான் எழுதணும். கம்பெனிப் பேரை மட்டும் சொன்னா டாக்டருக்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. லேபிளில் இருக்குற கலர் முக்கோணமும் விஷம் எவ்வளவு கடுமைன்னுதான் சொல்லும், எந்த வகைன்னு சொல்லாது. முறிவு மருந்து வகையைப் பொறுத்தது.

அடுத்தது அளவு. "கொஞ்சம்"ங்கிறது அளவு இல்லை. அவர் ஒன்பது டேங்க் அடிச்சேன்னார், டேங்குக்கு 40 மில்லி. அப்போ 360 மில்லி செலவு. 500 மில்லி பாட்டில், அன்னைக்குக் காலையில்தான் உடைச்சது. மிச்சம் 140 இருக்கணும். பாட்டிலைச் சாய்க்காம நிமித்தி வச்சுப் பார்த்தா கால் பங்குக்கும் கொஞ்சம் கூட இருந்துச்சு. கணக்கு ஏறத்தாழ ஒத்துப்போச்சு. வாய்வழியா போகலைன்னு நம்ப இது ஒரு துணை, முடிவான சாட்சி இல்லை. ஒரு மடக்கு குறைஞ்சாக் கண்ணுக்குத் தெரியாது. டேங்க் ஒழுகி முதுகுச் சட்டை நனைஞ்சிருந்தது. உடம்புக்குள் எவ்வளவு போச்சுன்னு இந்தக் கணக்கு சொல்லாது. அதனால "தோல் வழி, முதுகு நனைஞ்சது, எவ்வளவு ஏறிச்சுன்னு தெரியாது"ன்னு எழுதினேன்.

நேரம்தான் சிக்கல். மனைவி பதினொண்ணுன்னாங்க, பக்கத்துக் காட்டுக்காரர் பன்னெண்டுன்னார். கடிகாரம் யாரும் பார்க்கலை. அதனால பார்த்த விஷயத்தை வச்சுக் கேட்டேன். பால் ஊத்திட்டு வந்து ஏழு மணிக்கு ஆரம்பிச்சிருக்கார். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது வாந்தி. அதுக்கு முன்னாடியே தலைச்சுத்து. தீராத இடத்தில் "11-க்கும் 12-க்கும் நடுவில்"னு எழுதி, யார் சொன்னதுன்னும் போட்டேன். நாமா ஒரு மணியை முடிவு பண்ணக்கூடாது. ஒண்ணரை மணிக்குத்தான் சட்டையைக் கழற்றிக் குளிப்பாட்டினாங்க. ஏழிலிருந்து ஒண்ணரை வரை மருந்து தோலில் இருந்திருக்கு. யாரும் தானா சொல்லாத நேரம் அதுதான்.

கடைசியா செஞ்ச வைத்தியம். "ஒரு ஊசி"க்குச் சீட்டு கேட்டேன். பக்கத்தில் ஒரு டாக்டர் 12.50-க்கு அட்ரோபின் போட்டிருந்தார். இந்த வகை விஷத்தில் கண்ணின் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கும். அட்ரோபின் போட்டா அது விரியும், வேர்வை குறையும், நாடி வேகமாகும். முன்னாடி ஊசி போட்டது தெரியாம கண்ணை மட்டும் பார்த்தா விஷம் லேசுன்னு தோணலாம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தாளைப் படிச்சதும் நெஞ்சில் குழாய் வச்சு நீர்ச்சத்தம் கேக்குதான்னுதான் பார்த்தார். நெஞ்சு தெளியுற வரைக்கும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அட்ரோபினைக் கூட்டிக் கூட்டிப் போடுவாங்களாம். மிஞ்சினா புலம்பலும் காய்ச்சலும் வரும். அதனால ஒவ்வொரு ஊசிக்கும் நேரமும் அளவும் அந்தத் தாளுக்குக் கீழேயே நர்ஸம்மா எழுதிட்டு வந்தாங்க.

தாள் கடைசியில் இப்படி நின்னுச்சு:

மருந்து: ப்ரோஃபெனோஃபாஸ் 40% + சைபர்மெத்ரின் 4% (பாட்டில் பார்த்தது)
அளவு: தெளிச்சது சுமார் 360 மில்லி, தோல் வழி
நேரம்: 7.00 ஆரம்பம், 11–12 தலைச்சுத்து (வீட்டார்), மதியச் சாப்பாட்டு மணிக்கு வாந்தி
வைத்தியம்: 12.50 அட்ரோபின் (சீட்டு), 1.30 சட்டை மாற்றிக் குளியல். வாந்தி எடுக்க எதுவும் கொடுக்கலை

ஆரம்ப நேரம் இருந்ததால இன்னொரு பலனும் கிடைச்சது. இந்த விஷத்தில் ஆள் தெளிஞ்ச பிறகும், ஒண்ணிலிருந்து நாலு நாளுக்குள் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சு திணறலாம். எந்த நாளிலிருந்து எண்ணணும்னு தாளிலேயே இருந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி தினம் பார்த்தாங்க. நாலாம் நாளும் தூக்கினார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க.

இப்போ எங்க மோட்டார் கொட்டாய்ச் சுவரில் அந்த நாலு தலைப்பையும் கரியால எழுதி வச்சிருக்கோம். மருந்து கலக்குற அன்னைக்கே பாட்டில் பேரும், ஆரம்பிச்ச மணியும், டேங்குக் கோடுகளும் அதில் விழுந்துடும். ஆபத்துன்னா போட்டோ எடுத்துட்டு 108-ல ஏறிடலாம்.