ஆயாவின் மேசை

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஈப்போவில் ராத்திரி விருந்து. 30 வட்ட மேசை, மேசைக்குப் பத்துப் பேர். யாரை எங்கே உட்கார வைப்பது என்ற வேலை என் தலையில் விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டாரையும் பெண்ணின் அலுவலக நண்பர்களையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். தோட்டத்து ஆட்களிடம்தான் மாட்டிக்கொண்டேன். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகள் மாதாமாதம் கட்டிய பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். எங்கள் தோட்டம் அதில் சேரவில்லை. பின்னாளில் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களை இடித்தபோது சனம் சிதறியது. புந்தோங்கில் சிலர், செம்மோரில் சிலர், ஜொகூர் வரை போனவர்கள் சிலர். இப்போது பார்த்துக்கொள்வது நல்லது கெட்டதில்தான்.

முதலில் உறவுமுறை பார்த்துப் பெயர்ச் சீட்டுகளை அடுக்கினேன். அண்ணி ஒரே பார்வையில் கலைத்தார். "சொந்தம் பார்த்து வைக்காதீங்க தம்பி. லயம் பார்த்து வைங்க. பக்கத்து வீட்டுக்காரங்க முப்பது வருசக் கதை பேசுவாங்க."

அவர் சொன்னபடி பார்த்தால், கடைசி லயத்தில் எட்டுக் குடும்பம், 38 பேர். ஏழு, ஆறு, ஆறு, ஐந்து, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. வந்த வரிசையில் நிரப்பினால் ஏதாவது ஒரு குடும்பத்தைப் பிரிக்க நேரும். பெரிய குடும்பத்தை முதலில் உட்கார வைத்து, மிச்ச நாற்காலிக்கு ஏற்ற சின்னக் குடும்பத்தைத் தேட வேண்டும். ஏழுடன் மூன்று, ஆறுடன் நான்கு, ஐந்துடன் ஐந்து. மீதி ஆறும் இரண்டும் எட்டு. நான்கு மேசை, இரண்டு நாற்காலி மிச்சம். பெருமையாக இருந்தது.

அந்த எட்டுப் பேர் மேசையில்தான் ஆயா. ஆயாக் கொட்டகையில் எங்களையெல்லாம் வளர்த்தவர். இப்போது சக்கர நாற்காலி. ஆறடி மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்குக் கிடைப்பது 57 சென்டிமீட்டர். ஆயாவின் நாற்காலி சக்கரத்தோடு சக்கரம் 65. தள்ளுகிறவரின் முழங்கைக்கும் இடம் வேண்டும். ஆகவே அவர் ஒருவருக்கு இரண்டு இடம். எட்டுப் பேர் மேசை ஒன்பதுக்குச் சமம். அதை மறந்து முழு மேசையில் வைத்திருந்தால், விருந்தன்று யாராவது தட்டோடு நின்றிருப்பார்கள்.

மேசையை எங்கே போடுவது என்பது அதைவிடச் சங்கடம். கழிவறைப் பக்கம் கதவோரம் போட்டால் வசதி. ஆனால் ஆயாவை மூலையில் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் பேசும். மேடைக்கு நேர் முன்னால் போட்டால் மரியாதை. ஒலிபெருக்கி காதைப் பிளக்கும், வெளியே வர மூன்று மேசையைச் சுற்ற வேண்டும். நாடாவை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே போனேன். இரண்டாம் வரிசையில் பக்கவாட்டு நடைபாதையை ஒட்டிய மேசை பொருந்தியது. நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்தபிறகும் நாலடி வழி இருக்கிறதா என்று உட்கார்ந்தே அளந்தேன். காலி நாற்காலிகளை உள்ளே தள்ளிவைத்து அளந்தால் எந்த மண்டபமும் விசாலம்தான். மேசைக்கால் இரண்டுக்கும் நடுவே ஆயாவின் முழங்கால் வரும்படி திருப்பி, தரையில் புரண்ட மேசைவிரிப்பைச் சக்கரத்தில் சிக்காதபடி மடித்துக் குத்தச் சொன்னேன்.

கணக்கு முடிந்தது என்று எழுந்தபோது அண்ணி கேட்டார்: "ஏழு பேரையும் மூணு பேரையும் ஒண்ணா வச்சிருக்கீங்களா? அவங்க பேசி பத்து வருசம் ஆச்சே!" தோட்டம் கைமாறியபோது கிடைத்த வீட்டு மனை விவகாரமாம். மூன்றையும் இரண்டையும் இடம் மாற்றினேன். ஏழுடன் இரண்டு ஒன்பது. ஆயா மேசையில் ஒன்பது பேர், பத்து இடம். இம்மியும் மிச்சமில்லை.

விருந்தன்று தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக ஆயாவைப் பார்க்க வந்தார்கள். அந்த நாலடி வழியில் நாற்காலி போடாமல் பார்த்துக்கொள்வதே எனக்கு வேலையாகிவிட்டது. மூன்று பேர் குடும்பத்துப் பெரியவர் ஆயாவுக்கு அடுத்த நாற்காலியில். அவர் கை கழுவ எழுந்ததும், ஏழு பேர் குடும்பத்துக்காரர் வந்து அதில் உட்கார்ந்து ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் திரும்பி வருவது தெரிந்ததும் இவர் எழுந்து போனார். இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி. அது என் கணக்கில் வராதது.