மிதக்கும் லென்ஸ்

போனைக் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். சில போன்களில் உள்ளே ஏதோ தளர்ந்துகிடப்பது போல ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். சர்வீஸ் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் என்னிடம் இதைக் கேட்டுப் பதறி வருகிறவர்கள் உண்டு. ஒன்றும் உடையவில்லை. அது ஓஐஎஸ் உள்ள கேமராவின் லென்ஸ். அது எதிலும் இறுக்கி ஒட்டப்படாமல், முடி போன்ற கம்பிகளிலும் மெல்லிய ஸ்பிரிங்குகளிலும் மிதந்துகொண்டிருக்கிறது.

அந்த மிதப்புக்குக் காரணம் நம் கை. படம் எடுக்கையில் யாருக்கும் கை கொஞ்சம் நடுங்கும். போனில் உள்ள கைரோஸ்கோப் அந்த அசைவை உணர்ந்து சொல்ல, காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து லென்ஸை எதிர்த்திசையில் நகர்த்தும். நகர்வது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். ஆனால் ஷட்டர் திறந்திருக்கும்போதே அது நடப்பதால், இரவிலும் படம் கலங்காமல் வருகிறது.

ஈஐஎஸ் வேறு வழி. அதில் எதுவும் அசையாது. சென்சார் பெரிதாக ஒரு காட்சியைப் பிடிக்கும். மென்பொருள் ஓரங்களை வெட்டி, ஒவ்வொரு ஃபிரேமையும் நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தும். பகல் வீடியோவுக்கு இது அருமை. ஆனால் இருட்டில் ஒரே ஃபிரேமுக்குள் ஏறிவிட்ட கலங்கலை அதனால் எடுக்க முடியாது. கலங்கிய படத்தை எங்கே நகர்த்தினாலும் அது கலங்கிய படம்தான்.

போன மழைக்காலத்தில் டெலிவரி வேலை செய்யும் ஒரு தம்பி கடைக்கு வந்தான். அப்பா விட்டுப்போன 350 சிசி ஒற்றை சிலிண்டர் பைக். ஹேண்டில்பாரில் இரும்பு ஹோல்டர். “பார்சல போட்டோ எடுத்து ஏத்தலன்னா டெலிவரி முடிஞ்சதா கணக்கே வராதுண்ணே. எல்லாம் மங்கலா விழுது” என்றான்.

போனை மேசைமேல் ஒரு டப்பாவில் சாய்த்துவைத்து கேமராவைத் திறந்தேன். யாரும் தொடாமலே திரையில் காட்சி நடுங்கியது. ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். 0.5-க்கு மாற்றினேன், படம் கல் மாதிரி நின்றது. அந்த அகலக் கேமராவில் ஓஐஎஸ் இல்லை. செல்ஃபி கேமராவும் சரி. ஆக, கோளாறு மெயின் கேமராவின் மிதக்கும் பகுதியில்.

“கேமராவே ஓப்பன் பண்ணலையே, மேப் மட்டும்தானே போட்டிருந்தேன்?”

விஷயமே அதுதான். கேமரா திறந்திருந்தாலாவது சுருளில் மின்சாரம் ஓடி லென்ஸை ஓரளவு பிடித்துவைக்கும். மூடியிருந்தால் பிடிப்பே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கும். ஒரு மணி நேரத்தில் 1,80,000 உதறல்கள். இரும்பு ஹோல்டர் எதையும் விழுங்காமல் அப்படியே போனுக்குக் கடத்தும். கை நடுக்கமோ விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான்; ஓஐஎஸ் பழகியது அதற்கு. மேலும், ஸ்பிரிங்கில் தொங்கும் எதற்கும் இயல்பான ஆட்ட வேகம் ஒன்று உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகுமல்லவா? எஞ்சினின் அதிர்வு அந்த வேகத்தை நெருங்கும்போது லென்ஸும் அப்படித்தான் ஆடும். நாளாக ஆக ஸ்பிரிங் வளையும், கம்பி களைக்கும்.

2021 செப்டம்பரில் ஆப்பிளே இதை எழுத்தில் வைத்தது: சக்திவாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில் வழியாக வந்து ஓஐஎஸ்ஸையும் ஆட்டோஃபோகஸையும் பாதிக்கலாம், ஸ்கூட்டரில் அதிர்வு குறைவு, என்றாலும் அதிர்வு தாங்கும் ஹோல்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்று. தம்பியின் போன் வேறு கம்பெனி. ஆனால் உள்ளே இருப்பது அதே ஏற்பாடு.

இதை மென்பொருள் அப்டேட் சரிசெய்யாது. கேமரா மாட்யூலையே மாற்ற வேண்டும். விலையைச் சொன்னதும் அவன் விரல்விட்டு எண்ணினான். நாலு நாள் ஓட்டம்.

மாற்றிக் கொடுத்தபோது ஒரு யோசனையும் சொன்னேன். ஓஐஎஸ் இல்லாத பழைய போன் ஒன்றை மேப்புக்கு வைத்துக்கொள். அதிலும் ஃபோகஸுக்காக லென்ஸ் நகரும், அதனால் ஆபத்து முழுசாகப் போகாது. ஆனால் கெட்டாலும் மேப் ஓடும். நல்ல போன் சட்டைப்பையில் இருக்கட்டும். எஞ்சினுக்கும் போனுக்கும் நடுவில் சீட்டும் உன் உடம்பும் இருக்கிறது. அதைவிட நல்ல ரப்பர் ஹோல்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

“அப்போ அதிர்றதெல்லாம் நான் வாங்கிக்கணும்” என்று சிரித்தான்.

எட்டு மணி நேரமும் அவன்தான் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறான். அந்த உடம்புக்கு மாட்யூல் கிடையாது.