முறுக்கு விற்கப்போய் ஏலம் கற்றேன்

கிள்ளானில் வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறேன். கூகுளில் விளம்பரம் கொடுத்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று நானே ஏல விலை வைக்கலாம். அல்லது ஓர் ஆர்டருக்கு ஆகும் சராசரிச் செலவை இலக்காகச் சொல்லி, விலை வைப்பதைக் கணினியிடம் விட்டுவிடலாம்.

முதல் மாதம் நானே ஒரு வெள்ளி வைத்தேன். 300 கிளிக், 300 வெள்ளி, 6 ஆர்டர். ஆக, ஓர் ஆர்டருக்கு 50 வெள்ளி! எனக்குக் கட்டுப்படியாவதோ 30 வெள்ளிதான். அவசரப்பட்டு, 30 வெள்ளியை இலக்காக வைத்துக் கணினியிடம் ஒப்படைத்தேன். விளம்பரம் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. தவறு என்னுடையதுதான். யார் வாங்குவார் என்று கற்றுக்கொள்ள 6 ஆர்டர் போதாது. இலக்கும் நடப்புச் செலவைவிட மிகக் குறைவு. அதனால் கணினி ஏலத்தில் தயங்கி ஒதுங்கியது.

பிறகு கணக்குப் போட்டேன். 100 கிளிக்கில் 2 ஆர்டர். 30 வெள்ளியில் நூற்றுக்கு இரண்டு 60 காசு. அதையே உச்ச விலையாக நானே வைத்தேன். கிளிக் 200 ஆகக் குறைந்தது. ஆனால் 120 வெள்ளியில் 5 ஆர்டர் வந்தது.

ஐந்தும் ஆறும் சிறு எண்கள். அடுத்த மாதம் மூன்றாகலாம், பத்தாகலாம். ஆகவே வாரந்தோறும் விலையை மாற்றாதீர்கள். மாதம் 30 ஆர்டரை நெருங்கும்போது கணினியிடம் விடுங்கள். அப்போதும் இலக்கை நடப்புச் செலவில் தொடங்கி மெல்லக் குறையுங்கள்.