ரயிலும் குன்றும்

நேற்று ராத்திரி மறுபடி அன்சார்ட்டட் 2 ஆடினேன். அந்த ரயில் கட்டத்தில் பெட்டி பெட்டியாக முன்னால் போவதைத் தவிர வேறு வழியே கிடையாது. ஹெலிகாப்டர் வரும்போது நான் எங்கே நிற்பேன் என்பது வடிவமைத்தவர்களுக்கு முன்பே தெரியும்.

2017-இல் வந்த செல்டா பிரெத் ஆஃப் தி வைல்டில் அது நடக்காது. அங்கே நிலம்தான் ஆளை நடத்துகிறது. முக்கோணக் குன்று ஒன்று பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறுவதா, சுற்றிப்போவதா என்பது நம் பாடு. தொடக்கப் பீடபூமியின் குளிர்மலையைக் கடக்க மிளகாய் சமைத்துத் தின்னலாம், கதகதப்பான சட்டை தேடலாம், தீப்பந்தமும் பிடிக்கலாம். நான் பந்தத்தோடு ஏறினேன். சண்டைக்கு வாளை உருவியதும் பந்தம் கையில் இல்லை. குளிரில் உயிர் குறைய ஆரம்பித்துவிட்டது!