லாமோட்ரிஜின் மாத்திரை விட்டுப்போனால்: ஒரு வேளைக்கு ஒரு கணக்கு, 14 நாளைக்கு வேறு கணக்கு

வீட்டில் வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தை இருந்தால் இந்த த்ரெட்டை முழுசாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சாந்தோம் பையன். வயசு 11, எடை 34 கிலோ. வால்ப்ரோயேட் மாத்திரை காலையும் இரவும். அது மட்டும் போதாமல் லாமோட்ரிஜின் என்ற இரண்டாவது மருந்தும், இரவு ஒரு வேளை 50 மில்லிகிராம். ஏழு மாசமா ஃபிட்ஸ் இல்லை.

ஆகஸ்டில் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை கிளம்பினார்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம்னு முன்னாடியே சொன்னேன். "மாதாகிட்ட போறப்ப என்ன டாக்டர்" என்றார் பாட்டி. அதுக்கு மேல் நான் என்ன பேச?

மூணாவது நாள் மாத்திரை வைத்திருந்த பை தொலைந்தது. போனில் இருந்த சீட்டு போட்டோவைக் காட்டி, வழியில் ஒரு கடையில் வால்ப்ரோயேட் வாங்கிவிட்டார் அப்பா. நல்ல வேலை செய்தார். லாமோட்ரிஜின் மட்டும் கிடைக்கவில்லை. "பெரிய மாத்திரைதான் இருக்கே, போதும்"னு நினைத்துவிட்டார்கள்.

29ஆம் தேதி கொடியேற்றம் பார்த்து, நாகப்பட்டினத்தில் சித்தி வீட்டில் நாலு நாள் தங்கி, வீடு திரும்பியபோது 14 நாள் ஆகிவிட்டது. அன்று இரவு அம்மா போன் செய்தார். "டாக்டர், வீட்ல பழைய அட்டை இருக்கு. இன்னிக்கே 50 குடுத்துடவா? விட்டதுக்குச் சேர்த்து ரெண்டு குடுக்கணுமா?"

ரெண்டும் வேண்டாம், இன்றிரவு லாமோட்ரிஜின் ஒன்றுமே தராதீங்க, வால்ப்ரோயேட்டை மட்டும் விடாமல் கொடுத்துக் காலையில் வாங்க என்றேன். இந்த போன் வந்ததே பெரிய அதிர்ஷ்டம். ஏன் என்று சொல்கிறேன்.

லாமோட்ரிஜின் நல்ல மருந்து. ஆனால் ஆரம்பத்தில் டோஸை வேகமாக ஏற்றினால், சிலருக்குத் தோலில் மோசமான அலர்ஜி வரும். சாதாரண தடிப்பு இல்லை, தோல் உரிந்து வாயும் கண்ணும் புண்ணாகிற வகை. அரிதுதான், ஆனால் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் முதல் எட்டு வாரத்துக்குள் வரும்.

கூட வால்ப்ரோயேட் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். லாமோட்ரிஜினைக் கல்லீரல் கழித்துக்கட்டும் வேலையை வால்ப்ரோயேட் மந்தமாக்கிவிடும். அதே டோஸுக்கு ரத்தத்தில் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும்.

அதனால்தான் ஆமை வேகம். வால்ப்ரோயேட்டோடு ஆரம்பிக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு வாரம் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். 34 கிலோ பையனுக்கு 5.1 வருகிறது. தண்ணீரில் கரையும் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. 3, 4ஆம் வாரம் 10. அதுக்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பத்தாக ஏற்றினால் 20, 30, 40. 50ஐத் தொடுவது 11ஆம் வாரத்தில். கணக்கில் பின்னம் வந்தால் கீழ்ப்பக்கமாகத்தான் முழுசாக்குவோம், மேலே இல்லை.

"இவ்ளோ சின்ன மாத்திரையா?"ன்னு கேட்டு, தாங்களாகவே இரண்டாகக் கொடுத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இப்போ 14 நாள் கணக்கு. வால்ப்ரோயேட் கூட இருக்கும்போது லாமோட்ரிஜின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் இரண்டிலிருந்து இரண்டே முக்கால் நாள் ஆகும். நிறுத்திய அன்று 50 பங்கு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25, 12, 6, 3, ஒன்றரை. ஐந்து முறை பாதியானால் மருந்து உடம்பில் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறோம். 14 நாளில் அது தாண்டிவிட்டது. பையன் உடம்பு இப்போ புதுசாக மருந்து ஆரம்பிக்கிற உடம்பு. அதில் எடுத்த எடுப்பில் 50 என்றால், ஐந்தில் தொடங்க வேண்டியவனுக்குப் பத்து மடங்கு.

வால்ப்ரோயேட் இல்லாமல் லாமோட்ரிஜின் மட்டும் சாப்பிடும் குழந்தைக்கு இது நாலு நாளிலேயே காலியாகும். கார்பமசெபைன், ஃபெனிடாயின் கூட இருந்தால் ஒன்றரை நாளே போதும். அதனால் "எத்தனை நாள் விட்டால் முதலிலிருந்து?" என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் குழந்தைக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரே ஒரு வேளை மறந்தால் இவ்வளவு பயம் வேண்டாம். தினம் ஒரு வேளை மருந்து என்றால் 12 மணி நேரத்துக்குள், இரண்டு வேளை என்றால் 6 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் கொடுத்துவிடலாம். அதைத் தாண்டினால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் கொடுங்கள். சேர்த்து இரண்டு கொடுக்கக் கூடாது.

மறுநாள் காலை வந்தார்கள். மறுபடியும் 5லிருந்து என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது. "ரெண்டரை மாசமா? அதுக்குள்ள ஃபிட்ஸ் வந்தா?" நியாயமான கேள்வி. அந்த இரண்டரை மாசமும் காவல் நிற்கப்போவது வால்ப்ரோயேட் மட்டும்தான். அது போதுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவர்களிடம் ஜூன் மாச ரத்த ரிப்போர்ட் இருந்தது. வால்ப்ரோயேட் அளவு 84. பக்கத்தில் 50 முதல் 100 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தது. ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்கன்னு கேட்டேன். காலை 11 மணி. மாத்திரை போட்டது 8 மணிக்கு.

இங்கேதான் ஏமாறுகிறோம். மாத்திரை போட்டு மூணு மணி நேரத்தில் மருந்து உச்சிக்குக் கிட்டே இருக்கும். நமக்கு வேண்டியது பள்ளம், அதாவது அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் இருக்கும் மிகக் குறைந்த அளவு. இந்தப் பையனுக்கு முன்பெல்லாம் ஃபிட்ஸ் வந்ததே விடியற்காலை ஐந்து மணிக்கு.

அடுத்த நாள் காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்கச் சொன்னேன். மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ஊசி குத்திய உடனே போட வேண்டும். ரிப்போர்ட் 46.

46 என்ற எண்ணை மட்டும் பார்த்து டோஸை ஏற்றமாட்டேன். 40லேயே ஃபிட்ஸ் இல்லாமல் இருக்கும் குழந்தைகள் உண்டு, அவர்களை அப்படியே விடுவேன். இவனுக்கு இரண்டாவது மருந்து கையை விட்டுப்போயிருந்தது. கூடவே, டோஸ் போட்டது 28 கிலோ இருந்தபோது. 300 மில்லிகிராம் இரண்டு வேளை, கிலோவுக்கு 21. பையன் 34 கிலோ ஆனபோது அதே மாத்திரை கிலோவுக்கு 18க்கும் கீழே இறங்கியிருந்தது. 400 ஆக்கினேன், கிலோவுக்கு 23 சொச்சம்.

அம்மாவிடம் சொல்லி அனுப்பியது: லாமோட்ரிஜின் ஏறும் நாட்களில் உடம்பில் எந்தத் தடிப்பு வந்தாலும் அன்றைக்கே காட்டணும், அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு கூட வந்தால் நேராக ஆஸ்பத்திரி. ஃபிட்ஸ் ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

மூணாவது வாரம் விடியற்காலையில் ஒரு ஃபிட்ஸ் வந்தது, ஒரு நிமிஷத்தில் நின்றது. "வேகமா ஏத்துங்க டாக்டர்" என்றார் அப்பா. ஏற்றவில்லை. அவருக்கு என்மேல் கோபம்தான். நவம்பர் நடுவில் 50ஐத் தொட்டோம். தோலில் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு ஃபிட்ஸோடு சரி.

அடுத்த யாத்திரைக்குக் கிளம்பும் முன் அம்மா வந்து இரண்டு பையைக் காட்டினார். ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று பாட்டியிடம். இரண்டிலும் 20 நாளைக்கு மாத்திரை, சீட்டு ஜெராக்ஸ். "இந்த தடவ மாதாவுக்கு வேல வைக்கல டாக்டர்" என்றார்.